எல்லாக் கணினிக்கும் ஒரே கடவுச்சொல்

எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சொல்லவேண்டிய நேரத்தில் ஒரு வாரம் சொல்லாமல் இருந்தவனும் நான்தான்.

வாவிக் கரையில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிப் பிரிவுக்கு நான் ஒருவன் மட்டுமே. செங்கலடியிலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவேன். வாட்டுகள், ஆய்வுகூடம், மருந்தகம், எக்ஸ்ரே அறை என்று நாற்பதுக்கும் மேற்பட்ட கணினிகள். அவற்றைப் புதிதாக வாங்கியபோது ஒன்றைச் சீராகத் தயார்செய்து, அதையே பிரதியெடுத்து மற்ற எல்லாவற்றிலும் ஏற்றினேன். ஒவ்வொரு கணினிக்குள்ளும் அதற்கே உரிய ஒரு நிர்வாகிக் கணக்கு உண்டு. அந்தக் கணினியில் எதையும் செய்ய உரிமை உள்ள கணக்கு அது. முதல் கணினியில் அந்தக் கணக்குக்கு நான் வைத்த கடவுச்சொல் பிரதியோடு சேர்ந்து எல்லாக் கணினிக்கும் போனது. அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த வாட்டில் எது பழுதானாலும் போய் ஒரே சொல்லைத் தட்டினால் திறக்கும். கெட்டித்தனமான ஏற்பாடு என்றுகூட நினைத்திருந்தேன்.

இரண்டாவது பிழையும் அதே வருடம் நடந்தது. ஆய்வுகூட மென்பொருள் சாதாரண பயனர் கணக்கில் திறக்க மறுத்தது. விற்றவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அட்மின் உரிமையைக் குடுங்க சேர், வேலை செய்யும்" என்றார்கள். ஆய்வுகூடத்தில் வேலைசெய்தவர்களின் கணக்குகளை அந்தந்தக் கணினியின் நிர்வாகிகள் குழுவில் சேர்த்தேன். உடனே திறந்தது. பிறகு மருந்தகத்தில் பிரின்டர் பிரச்சினை. அங்கும் சேர்த்தேன். சத்திரசிகிச்சை நிபுணர் தனக்கு வேண்டியதைத் தானே நிறுவிக்கொள்ள வேண்டும் என்றார். அவரையும் சேர்த்தேன். ஒரு வருடத்துக்குள் நாளாந்தம் மின்னஞ்சல் வாசிக்கும், அறிக்கை தட்டச்சு செய்யும் கணக்கு எதுவும் சாதாரண கணக்காக இருக்கவில்லை. யாரும் என்னைக் கூப்பிட்டு முறையிடவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆய்வுகூடத்தில் அறிக்கைகளைத் தட்டச்சு செய்தவர், போர்த்துக்கேய வம்சத்தில் வந்த ஒரு பறங்கி அம்மா. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. எல்லோருக்கும் அவர் அன்ரி. விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டுவார். தம்பியோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் தங்கள் வீட்டுப் பாஷைக்கு மாறிவிடுவார். மற்ற நேரமெல்லாம் எங்களைப் போலவேதான் பேச்சு. வாட்டுகளிலிருந்து வரும் இழையப் பரிசோதனைகளின் முடிவை நோயியல் மருத்துவர் சொல்லச் சொல்ல இவர் தட்டுவார். அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு பின்னேரம், ஆய்வுகூடத்துக்கு இரசாயனம் விற்கும் கம்பனியின் பெயரில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓடரில் மாற்றம், இணைப்பைப் பார்க்கவும் என்று இருந்தது. திறந்தார். ஒன்றும் தெரியவில்லை. வெற்றுப் பக்கம். மூடிவிட்டு அடுத்த அறிக்கையைத் தட்டத் தொடங்கினார்.

மறுநாள் காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்குமுன்னே ஆறு அழைப்புகள். உள்ளே போனால் வரவேற்பறையில், மருந்தகத்தில், மேல்மாடி வாட்டுகளில், எந்தத் திரையைப் பார்த்தாலும் ஒரே வாசகம். உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, திரும்ப வேண்டுமானால் பணம் அனுப்புங்கள். ஓடி ஓடி வலைக் கம்பிகளைப் பிடுங்கினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆய்வுகூட சேவரும் போயிருந்தது. அதிலேயே செருகியபடி விட்டிருந்த காப்புப் பிரதி வட்டும் போயிருந்தது. அலுமாரியில் ஒரு பழைய வட்டு இருந்தது. அதில் மாமாங்கத் திருவிழாவுக்கு முன்னால் இருந்த பதிவுகள் மட்டும்தான். அதற்குப் பிறகான நான்கு மாதங்கள் எங்கேயும் இல்லை.

வாட்டுத் தாதிமார் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் காய்ச்சல் அளவுகளை எழுதத் தொடங்கினார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து வழிவிட்டு நின்றார்கள். இவன்தான் காப்பாற்றப் போகிறவன் என்ற பார்வை அது.

எல்லாவற்றிலும் மோசமானது இழையப் பரிசோதனைகள். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துணுக்குகள் கண்ணாடித் தகடுகளில் பத்திரமாக இருந்தன. ஆனால் தகடுகளில் எண் மட்டுமே உண்டு. எந்த எண் எந்த ஆளுடையது என்பது கணினியில் இருந்தது. முன்பு அதற்கு ஒரு பதிவுப் புத்தகம் வைத்திருந்தார்கள். 'ஒரே விசயத்த ரெண்டு தரம் ஏன் எழுதுறீங்க?' என்று சொல்லி அதை நிறுத்தவைத்ததும் நான்தான்.

இரண்டாம் நாள் எனக்கு உண்மை தெரிந்தது. வெளியிலிருந்து கணினிகளுக்குள் புகுந்தவர்கள் பெரும்பாலானவற்றில் தங்கள் தடயத்தை அழித்திருந்தார்கள். எக்ஸ்ரே அறையின் கணினியில் மட்டும் பதிவு மிஞ்சியிருந்தது. அன்ரியின் கணினியிலிருந்து ஒருவர் உள்ளே வந்திருக்கிறார். வந்தது அன்ரியின் பெயரில் அல்ல. கணினிக்குள் இருக்கும் அந்த நிர்வாகிக் கணக்கின் பெயரில்.

நடந்தது இதுதான். அன்ரி திறந்த கோப்பு, அவருக்கு இருந்த உரிமையோடு ஓடியது. அவருக்கு நான் கொடுத்திருந்தது முழு உரிமை. அதனால் அந்தக் கணினியின் ஆழத்தில் பூட்டிவைத்திருந்த நிர்வாகிக் கடவுச்சொல்லின் சாரத்தை அந்தக் கோப்பால் பிரித்தெடுக்க முடிந்தது. அந்தச் சாரமே போதும், சொல்லைக் கண்டுபிடிக்கக்கூட வேண்டாம். ஆய்வுகூட சேவர் உட்பட மற்ற எல்லாக் கணினியிலும் அதே சொல் என்பதால் ஒவ்வொன்றும் அதற்கு வாசலைத் திறந்துவிட்டது. அன்ரி சாதாரண பயனராக இருந்திருந்தால் அவருடைய கோப்புகள் மட்டும் போயிருக்கும். ஒவ்வொரு கணினிக்கும் வேறு வேறு சொல் இருந்திருந்தால் அந்த ஒரு கணினி மட்டும் போயிருக்கும். முழு மருத்துவமனையும் போனதற்குக் காரணம் நான் செய்த அந்த இரண்டும்.

மூன்றாம் நாள் விசாரணை. பணிப்பாளரின் அறையில் அவரும், நிர்வாக சபையிலிருந்து ஒருவரும், நானும். அன்ரியைக் கூப்பிட்டார்கள். அவர் கதிரையில் உட்காரவில்லை.

"நான்தான் சேர் திறந்தன்" என்றார். "கம்பனிக் கடிதமெண்டு நினச்சன். மறுகா ஒண்டும் தெரியல்ல, மூடிற்றன். ஆரிட்டயும் சொல்லவுமில்ல. சொல்லியிருக்கோணும்."

பணிப்பாளர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இவ திறந்ததாலதானே இவ்வளவும்?"

"ஓம் சேர். அங்கயிருந்துதான் தொடங்கினது" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அன்ரி என்னை நிமிர்ந்து பார்த்து, தலையை ஆட்டினார். நான் தன்மீது கூடுதலாக ஒன்றும் சொல்லாததற்கு நன்றி சொல்வதுபோல இருந்தது அது. அடுத்த நாளிலிருந்து அவரை வீட்டில் நிற்கச் சொன்னார்கள். இரண்டே நாளில், ஓய்வை முன்கூட்டியே தரும்படி அவரே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த நாட்களில் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. ஒவ்வொரு கணினியாக அழித்து மீண்டும் ஏற்றிக்கொண்டிருந்தேன். வேலை இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. சொல்லலாம், முதலில் எல்லாம் எழும்பட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்குள்ளே ஒரு ஒழுங்கு போட்டுக்கொண்டேன். வீட்டில் மனைவி கேட்டபோதும் "ஒரு அம்மா பிழையான மெயிலத் திறந்திட்டா" என்றுதான் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் ஆய்வுகூட முகப்பில் ஆள் இல்லாததால் என்னை நிற்கச் சொன்னார்கள். அப்போது ஒரு பெண் வந்தார். கொக்கட்டிச்சோலைப் பக்கம், பாலர் பாடசாலை ஆசிரியை. என் வயதுதான் இருக்கும். கணவர் கொஞ்சம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வயல் வட்டையில் வேலையை விட்டு வந்திருக்கிறார் என்று காலில் இருந்த சேற்றைப் பார்க்கத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் மார்பிலிருந்த கட்டியிலிருந்து துணுக்கு எடுத்து மூன்று வாரமாகியிருந்தது. இது அவர்கள் வந்த மூன்றாவது முறை.

"இண்டைக்காவது ரிப்போர்ட் கிடைக்குமா சேர்?"

"இன்னும் இல்ல. கொம்பியூட்டர்…" என்று தொடங்கினேன்.

"தெரியும் சேர்" என்றார் அவர். "ஆரோ ஒரு அம்மா பிழையா ஒரு கடிதத்தத் திறந்து எல்லாத்தையும் அழிச்சிட்டாவாம். வாட்டில சொன்னாங்க. பாவம், அந்த அம்மாவையும் நிப்பாட்டிப்போட்டாங்களாம். ஒரு ஆள்ற கை பட்டு இவ்வளவும் போகுமா சேர்? எனக்கெண்டா விளங்கல்ல."

அவர் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். ஒன்பது நாட்களில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். பணிப்பாளர் கேட்கவில்லை. சபையில் இருந்தவர் கேட்கவில்லை. "பார்த்துச் சொல்றம்" என்று எதையோ சொல்லி அனுப்பினேன். அவர்கள் வாசலைத் தாண்டியதும் நேரே பணிப்பாளரிடம் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே கடவுச்சொல், எல்லோருக்கும் கொடுத்த உரிமை, எக்ஸ்ரே அறைக் கணினியில் பார்த்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது எப்ப தெரியும் உனக்கு?"

"ரெண்டாம் நாள் சேர்."

"விசாரணைக்கு முதலே."

"ஓம்."

வெளியே வாவியில் ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே சொன்னார். "அவவிட கடிதத்துக்குச் சபை ஓமெண்டு சொல்லியாச்சு. அத நான் திருப்ப ஏலாது. திருப்பினாலும் அவ வரமாட்டா. உன்னையும் அனுப்பினா இத ஆர் செய்யுறது? உன்ர பைலில எழுதுறன். நீ வேலையப் பாரு."

அவ்வளவுதான். எனக்குத் தண்டனை என்று எதுவும் கிடைக்கவில்லை. தேவைப்பட்டதால் நான் தப்பினேன். அன்ரியின் இடத்துக்குத் தட்டச்சு தெரிந்த யாரும் வரலாம் என்பதால் அவர் போனார்.

வேலையை என் கணக்கிலிருந்தே தொடங்கினேன். நான் கடிதம் வாசிக்கும் கணக்கை நிர்வாகிகள் குழுவிலிருந்து எடுத்தேன். நிர்வாக வேலைக்கென்று தனியாக ஒரு கணக்கு. அதில் மின்னஞ்சல் கிடையாது. பிறகு ஒவ்வொரு கணினியிலும் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போனவர்களின் பெயர்கூட இருந்தது. எல்லாவற்றையும் நீக்கினேன். யாராவது கையால் திரும்பச் சேர்த்தாலும் சேவரிலிருந்து வரும் விதி அதை அழித்துவிடும்படி செய்தேன்.

ஆய்வுகூட மென்பொருள் எதிர்பார்த்தபடி திறக்க மறுத்தது. இந்த முறை விற்றவர்களைக் கூப்பிடவில்லை. அது எங்கே முட்டுகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். தன்னை நிறுவியிருந்த கோப்புறைக்குள் ஒரு சிறிய கோப்பை எழுதப் பார்த்தது. சாதாரண பயனருக்கு அங்கே எழுத உரிமை இல்லை. அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் ஆய்வுகூட ஆட்களுக்கு எழுதும் உரிமையைக் கொடுத்தேன். திறந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கிய வேலை, தேநீர் வருமுன் முடிந்துவிட்டது. அவ்வளவு நேரத்தை நான் அப்போதே செலவழித்திருந்தால் போதும் என்பதை எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். இப்போதும் நினைக்கிறேன்.

நிர்வாகிக் கடவுச்சொல்லுக்கு, விண்டோஸிலேயே இருக்கும் ஒரு வசதியை இயக்கினேன். ஒவ்வொரு கணினியும் தன் நிர்வாகிக் கணக்குக்குத் தானே ஒரு நீண்ட சொல்லை உருவாக்கிக்கொள்ளும். ஒன்றைப்போல இன்னொன்று இராது. அதைப் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் சேவரில் பாதுகாப்பாக எழுதிவைக்கும். முப்பது நாளுக்கு ஒருமுறை தானாக மாற்றும். வாசிக்க உரிமை இரண்டே பேருக்கு. எனக்கு ஒன்று, எனக்கு ஏதும் ஆனால் என்று பணிப்பாளர் நியமித்த கணக்காளருக்கு ஒன்று. ஒரு கணினிக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் அடுத்த நாளுக்குள் அது மாறிவிடும்.

சத்திரசிகிச்சை நிபுணர் என் அறைக்கே வந்துவிட்டார். "என்ர கொம்பியூட்டரில எனக்கே ஒண்டும் செய்ய ஏலாதா? நான் என்ன சின்னப்பிள்ளையா?"

"இல்ல டொக்டர். எனக்கும் இல்ல. என்ர கணக்கையும் எடுத்திட்டன். உங்களுக்கு என்ன போடோணுமெண்டு சொல்லுங்க, நான் வந்து போட்டுத் தாறன்."

"ஒவ்வொரு தரமும் உன்னக் கூப்பிடோணுமா?"

"ஓம் டொக்டர். கூப்பிடுங்க."

அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அன்ரியைப் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நகரத்துக்குள் அவர்களுடைய பழைய வீடு. தேவாலயத்தில் பூசைக்குப் போய்வந்த உடுப்போடு இருந்தார். உள்ளே கூப்பிட்டுக் கேக் தந்தார். நான் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "அப்ப நான் திறந்தது பிழையில்லையா?" என்றார்.

"திறந்தது பிழைதான் அன்ரி. ஆனா அதால உங்கட கொம்பியூட்டர் மட்டும்தான் போயிருக்கோணும். மிச்சமெல்லாம் என்ர பிழை."

"அண்டைக்கு சேர் கேக்கக்குள்ள இதச் சொல்லியிருக்கலாமே மனே."

"பயத்தில அன்ரி."

"எனக்கும் பயம்தான் மனே" என்றார். குரல் உயரவேயில்லை. "ஆனா நான் சொன்னன்."

மன்னிப்புக் கேட்டேன். "சரி, சாப்பிடு" என்றார். அந்தச் சரி எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. வாசல்வரை வந்தார், கேற்றைப் பூட்டினார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் உள்ளே போய்விட்டிருந்தார்.

தகடுகளை ஆட்களோடு பொருத்தும் வேலையை நோயியல் மருத்துவர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கையால் எழுதிவந்த பதிவுப் புத்தகத்தை வைத்துச் செய்தார். எந்த நாளில் யாருக்கு எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று அதில் இருந்தது. ஒரே நாளில் ஒரே இடத்திலிருந்து இரண்டு பேருக்கு எடுத்திருந்தால் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அப்படி வந்தவர்களைக் கூப்பிட்டு மறுபடியும் ஊசி குத்தி எடுத்தார்கள். ஆசிரியை அப்படியானவர்களில் ஒருவர். அவருடைய முடிவு கைக்கு வந்தபோது முதல் தடவை எடுத்து ஏழு வாரம் கடந்திருந்தது. புற்றுநோய். நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

நோயியல் மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன், அந்த வாரங்கள் ஏதும் செய்திருக்குமா என்று.

"சொல்ல ஏலாது" என்றார். "செய்திருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம். இதுக்கு ஒருத்தரும் உனக்கு மறுமொழி தரமாட்டாங்க."

அடுத்த வருடம் ஆசிரியையின் கணவர் மட்டும் வந்தார். காப்புறுதிக்கு எல்லா அறிக்கைகளின் பிரதியும் வேண்டுமாம், இறந்தவருடைய பெயரில். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முதல் துணுக்கு எடுத்த திகதியையும் முடிவு வந்த திகதியையும் அவர் பார்த்தார். தாள்களை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. சொன்னால் பாரம் குறைவது அவருக்கா எனக்கா என்பதில்தான் சந்தேகம்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, ஒரு காலை பத்து மணியளவில் எக்ஸ்ரே வரவேற்பில் இருக்கும் பெண் தொலைபேசியில் அழுதாள். ஒரு மின்னஞ்சலைத் திறந்துவிட்டாளாம், கோப்புகளின் பெயரெல்லாம் மாறுகிறதாம். நான் கத்தினேன், கம்பியைப் பிடுங்கு என்று. ஓடிப்போனேன்.

அவளுடைய கோப்புகள் போயிருந்தன. அவள் எழுதக்கூடிய ஒரு பொதுக் கோப்புறையில் பாதி போயிருந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து மேசைக் கணினியில், ஆய்வுகூடத்தில், சேவரில், ஒவ்வொன்றாகப் பதிவுகளைப் பார்த்தேன். எங்கும் யாரும் வரவில்லை. அந்தக் கணினிக்குரிய சொல்லை எடுத்து உள்ளே போய்ப் பார்த்தேன், பிறகு முழுவதும் அழித்தேன். பொதுக் கோப்புறையை முதல்நாள் பிரதியிலிருந்து மீட்டேன். அந்தப் பிரதி இப்போதெல்லாம் சேவரில் செருகியபடி இருப்பதில்லை.

நான் வேலைசெய்துகொண்டிருக்கும்போதே பணிப்பாளர் வந்துவிட்டார். அந்தப் பெண் எழுந்து நின்றாள். அன்ரிக்கு நடந்தது அவளுக்கும் தெரியும்.

"ஆர் திறந்தது?" என்றார் அவர்.

அவள் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "திறந்தது இவதான் சேர். உடன கூப்பிட்டுச் சொன்னதும் இவதான். இப்பிடியான மெயில் நாளைக்கு உங்களுக்கும் வரும், எனக்கும் வரும். ஆரோ ஒராள் திறக்கத்தான் போறாங்க. திறந்தாலும் ஒரு கொம்பியூட்டரோட நிக்கோணும். அத நிப்பாட்டுறது என்ர வேலை. இண்டைக்கு நிண்டிருக்கு."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்ப எழும்பும்?"

"மத்தியானத்துக்குள்ள சேர்."

"சரி" என்று போய்விட்டார்.

வெளியே வாங்கில் எக்ஸ்ரேக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை ஏன் நகரவில்லை என்று ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கொப்பியை எடுத்து, அவருடைய பெயரையும் ஊரையும் கேட்டு எழுதத் தொடங்கினாள்.